ஹீமோகுளோபின் ஏழு: ரத்தம் ஏற்றலாமா?

இரண்டு நோயாளிகள். ஒரு பெண்ணுக்குப் பல மாதங்களாக மாதவிடாய்ப் போக்கு அதிகம், ஹீமோகுளோபின் 6.8. சோர்வு உண்டு, ஆனாலும் தானே நடந்து வந்தார், நாடித்துடிப்பு 88. மற்றவர் விபத்தில் அடிபட்டவர். ஹீமோகுளோபின் 13, நாடித்துடிப்பு 130, கைகால்கள் சில்லிட்டுக் கிடக்கின்றன. உடனடியாக ரத்தம் தேவைப்படுவது 13 இருப்பவருக்குத்தான்.

ஹீமோகுளோபின் அளவு என்பது 100 மில்லி ரத்தத்தில் எத்தனை கிராம் என்ற செறிவு மட்டுமே. உடலில் மொத்தம் எவ்வளவு ரத்தம் மிச்சமிருக்கிறது என்பதை அது சொல்லாது. அடிபட்டவரிடமிருந்து சிவப்பணுவும் பிளாஸ்மாவும் சேர்ந்தே வெளியேறுவதால் செறிவு மாறுவதில்லை. திசுக்களிலிருந்து நீர் ஊறி வந்த பிறகோ, சலைன் ஏற்றிய பிறகோதான் எண் இறங்கும். அதுவரை காத்திருந்தால் ஆள் தப்பமாட்டார்.

அந்தப் பெண் எப்படித் தாங்குகிறார்? ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். ஹீமோகுளோபின் 14 இருந்து, இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தை அனுப்பினால், திசுக்களுக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜன் சுமார் 940 மில்லி. ஓய்வில் உடல் செலவழிப்பதோ 250 மில்லிதான். ஹீமோகுளோபின் 7 ஆகப் பாதியானாலும் இதயம் 7 லிட்டர் அனுப்பினால் சுமார் 650 மில்லி கிடைத்துவிடும். மெல்ல மெல்லக் குறைந்ததால் உடலும் பழகிக்கொண்டது. சிவப்பணுக்கள் ஆக்சிஜனைத் திசுக்களிடம் எளிதாக விட்டுக்கொடுக்கின்றன. இவருக்கு வேண்டியது இரும்புச்சத்தும், போக்கை நிறுத்தும் சிகிச்சையும்.

நெடுங்காலம் 10 என்பதே மருத்துவர்களின் எல்லைக்கோடாக இருந்தது. 1999இல் வெளியான கனடா ஆய்வு ஒன்றில், தீவிர சிகிச்சைப் பிரிவின் 838 நோயாளிகளில் ஒரு பாதிக்கு 10க்குக் கீழே இறங்கியதும், மறுபாதிக்கு 7க்குக் கீழே இறங்கிய பிறகே ரத்தம் ஏற்றினார்கள். 30 நாளில் முதல் குழுவில் 23.3 சதவீதமும், இரண்டாம் குழுவில் 18.7 சதவீதமும் இறந்தார்கள். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் காத்திருந்தவர்களுக்கு இழப்பு எதுவும் தெரியவில்லை. நிலையாக இருக்கும் பெரும்பாலான பெரியவர்களுக்கு 7 என்ற வரம்பு வந்த வழி இதுதான்.

மாரடைப்பு வந்தவர்களிடம் எனக்கு அந்தத் துணிச்சல் வராது. இதயத்தசை தனக்கு வரும் ஆக்சிஜனில் பெரும்பகுதியை எப்போதுமே உறிஞ்சிவிடுகிறது. கூடுதலாக வேண்டுமென்றால் ரத்த ஓட்டம்தான் பெருக வேண்டும். அடைபட்ட குழாயில் அது எப்படிப் பெருகும்? 2023இல் சுமார் 3,500 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், 7 அல்லது 8 வரை காத்திருந்த குழுவில் 16.9 சதவீதம் பேருக்கு மரணமோ மீண்டும் மாரடைப்போ நேர்ந்தது. 10க்குக் குறையாமல் பார்த்துக்கொண்ட குழுவில் 14.5 சதவீதம். ஐயமறத் தீர்ப்பளிக்கும் அளவுக்கு இடைவெளி பெரிதல்ல என்றாலும், புறக்கணிக்கும் அளவுக்குச் சிறிதும் அல்ல.

ஆகவே நெஞ்சுவலியோடு 8.2 இருக்கும் முதியவருக்கு நான் ரத்தம் ஏற்றுவேன். ஆனால் ஒரே ஒரு பை. அது ஹீமோகுளோபினை ஏறத்தாழ 1 கிராம் உயர்த்தும். பலவீனமான இதயத்துக்கு அந்தக் கூடுதல் அளவே சுமையாகி நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம் என்பதால், நான்கு மணி நேரத்தைத் தாண்டாமல், மெதுவாக ஏற்ற வேண்டும். மூச்சிரைப்பு கூடுகிறதா, ரத்த அழுத்தம் எகிறுகிறதா என்று பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். பை தீர்ந்ததும் வலி எப்படி இருக்கிறது என்று அவரிடமே கேட்டு, ஹீமோகுளோபினை மறுபடி பார்த்த பிறகுதான் அடுத்த பையைப் பற்றிய பேச்சு.