வட்டி தரைதட்டிய பிறகு மத்திய வங்கி ஏன் பிணைமுறி வாங்குகிறது?

"உங்கட மத்திய வங்கி காசடிச்சா சாமான் விலை ஏறுது. எங்கட இங்கிலாந்து வங்கியும் 2009இலே அத்தனை பில்லியன் அடிச்சது. அங்க ஏன் அப்பிடி ஏறேல்லை?"

இலண்டனிலிருந்து கிளிநொச்சிக்கு வந்திருந்த மச்சான் கேட்டது இது. 2022இல் மண்ணெண்ணெய்க்கும் உரத்துக்கும் வரிசையில் நின்ற எங்கள் ஆட்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகவே உறைக்கும். பதில் சொல்வதென்றால், அன்று இலண்டனில் யாரிடம் எதை வாங்கினார்கள் என்பதிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

ஏ9 வீதியோரம் எந்த வங்கிக்குள் போனாலும் நிலையான வைப்புக்கான வட்டிப் பலகை இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு வீதம், ஒரு வருடத்துக்கு ஒன்று, ஐந்து வருடத்துக்கு வேறொன்று. காலத்துக்குக் காலம் வட்டி வேறு. மத்திய வங்கி நேரடியாகத் தீர்மானிப்பது இந்தப் பலகையில் இல்லாத, இன்னும் குறுகிய ஒரு வட்டியை. வங்கிகள் ஓரிரவுக்குப் பணம் வைக்கவும் எடுக்கவும் உள்ள வட்டி அது. வீட்டுக்கடனோ தொழிற்சாலைக் கடனோ ஓரிரவில் முடிவதில்லை. பத்து வருடக் கடனின் வட்டியில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கும். ஒன்று, வரும் பத்து வருடத்தில் ஓரிரவு வட்டி சராசரியாக எவ்வளவு இருக்கும் என்ற எதிர்பார்ப்பு. மற்றது, பணத்தை அவ்வளவு காலம் முடக்குவதற்குக் கடன் கொடுப்பவர் கேட்கும் மேலதிகக் கூலி.

வழமையாக ஓரிரவு வட்டியைக் குறைத்தாலே நீண்டகால வட்டியும் இறங்கிவிடும். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் 5 சதவீதமாக இருந்த தன் வட்டியை இங்கிலாந்து வங்கி மாதாமாதம் வெட்டி, 2009 மார்ச் 5ஆம் திகதி 0.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. அதற்குக் கீழே போகத் தயங்கியது. காரணம் எளிது. வைப்புக்கு வட்டி கொடுக்காமல் கட்டணம் அறவிட்டால், சனம் காசை எடுத்து வீட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடும். தாளுக்கு வட்டி பூச்சியம், ஆனால் அது தேயாது. வைப்பு வட்டியைப் பூச்சியத்துக்குக் கீழே இறக்க முடியாத நிலையில் கடன் வட்டி மட்டும் இறங்கினால் வங்கிகளின் வருமானமும் நசியும். பிறகு சுவிற்சர்லாந்து மைனஸ் 0.75 வரை போய்ப் பார்த்தது, உண்மைதான். அங்கும் அதற்கு ஓர் எல்லை இருந்தது.

சரி, ஓரிரவு வட்டி தரைதட்டிவிட்டது, பொருளாதாரமோ இன்னும் சரிகிறது. மிஞ்சியிருப்பது அந்த மேலதிகக் கூலிதான். அதே மார்ச் 5ஆம் திகதி, மூன்று மாதத்தில் 75 பில்லியன் பவுண் பெறுமதியான சொத்துகளை, பெரும்பாலும் அரச பிணைமுறிகளை, அதாவது அரசு கடன் எடுக்க வெளியிட்ட பத்திரங்களை, வாங்கப்போவதாக இங்கிலாந்து வங்கி அறிவித்தது. முதலில் குறிவைத்தவை முதிர்ச்சிக்கு 5 முதல் 25 வருடம் இருந்த முறிகள். இதுதான் அளவுசார் தளர்வு.

ஏன் நீண்டகால முறி? வட்டி தரையில் இருக்கும்போது அரசின் குறுகியகாலக் கடன் பத்திரமான மூன்று மாதத் திறைசேரி உண்டியலும் வங்கியில் கிடக்கும் பணமும் ஏறக்குறைய ஒரே பொருள். ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கினால் யாருடைய நடத்தையும் பெரிதாக மாறாது. இருபது வருட முறி அப்படியல்ல.

ஒரு கொடுக்கல் வாங்கலைப் பார்ப்போம். 100 பவுண் முகப்பெறுமதியுள்ள பத்து வருட முறி, வருடம் 4 பவுண் தருகிறது என்று வையுங்கள். 100க்கு வாங்கியவருக்கு 4 சதவீதம். மத்திய வங்கி பெருந்தொகையாக வாங்க வந்ததும் விலை 108.50க்கு ஏறுகிறது. இப்போது வாங்குபவருக்கும் வருடம் அதே 4 பவுண்தான், ஆனால் கடைசியில் திரும்பி வருவது 100தான். அந்த எட்டரைப் பவுண் நட்டத்தைப் பத்து வருடத்துக்குப் பரவிப் பார்த்தால், கிடைக்கும் வட்டி ஏறக்குறைய 3 சதவீதம். முறியின் விலை ஏறுவதும் நீண்டகால வட்டி இறங்குவதும் ஒன்றேதான்.

விற்றவர் பெரும்பாலும் ஓர் ஓய்வூதிய நிதியம் அல்லது காப்புறுதி நிறுவனம். தன் வணிக வங்கிக் கணக்கில் அதற்கு வைப்பாகப் பணம் விழுகிறது. அந்த வணிக வங்கிக்கு இங்கிலாந்து வங்கியில் உள்ள ஒதுக்குக் கணக்கில் அதே தொகை கூடுகிறது. ஒரு தாள்கூட அச்சாகவில்லை. அந்த ஒதுக்கு வங்கிகளுக்கு இடையேதான் சுற்றும், கடைக்காரர் கைக்கு நேரே வராது. அசைவு வருவது நிதியத்திடமிருந்து. இருபது வருடம் கழித்து ஓய்வூதியம் கொடுக்கவேண்டிய நிறுவனம், வட்டியில்லாத வைப்பை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. கம்பனி முறிகளையும் பங்குகளையும் வாங்கப் போகும். அவற்றின் விலையும் ஏற, கம்பனிகள் மலிவாகக் கடன் எடுக்கலாம். 2009இல் பிரித்தானியக் கம்பனிகள் முறிகளை நிறைய வெளியிட்டு, அதில் ஒரு பகுதியால் வங்கிக் கடனை அடைத்தன. முதல் 200 பில்லியன் பவுண் கொள்வனவு நீண்டகால அரச வட்டியை ஏறக்குறைய ஒரு சதவீதப் புள்ளி குறைத்ததாக வங்கியின் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

விலைவாசி பறக்காததற்குக் காரணம், அதே நேரத்தில் வங்கிகள் கடன் கொடுப்பதைச் சுருக்கிக்கொண்டிருந்தது. கடன் அடைபட்டால் வைப்புப் பணமும் அழிகிறது. அந்தப் பள்ளத்தில்தான் புதிய வைப்புகள் போய் விழுந்தன. 2011 செப்டெம்பரில் பிரித்தானியப் பணவீக்கம் 5.2 சதவீதத்தைத் தொட்டது, அதை மறைக்கத் தேவையில்லை. அதில் வரி உயர்வுக்கும் எரிபொருள் விலைக்கும் பெரிய பங்குண்டு.

இது இலவச வைத்தியமும் அல்ல. முறியும் பங்கும் வைத்திருந்தவர்களின் சொத்துத்தான் முதலில் கூடியது. பிறகு 2023 ஓகஸ்ற்றில் இங்கிலாந்து வங்கியின் ஓரிரவு வட்டி 5.25 சதவீதமானபோது, வங்கிகளின் ஒதுக்குகளுக்கு அது அந்த வட்டியைக் கொடுக்கவேண்டியிருந்தது; கையில் இருந்த பழைய முறிகளோ அதைவிட மிகக் குறைவாகவே தந்தன. அந்த நட்டத்தைத் திறைசேரி ஈடுசெய்கிறது, அதாவது மச்சானின் வரியும் அதில் சேர்கிறது.

இனிக் கொழும்பு. 2020 ஜூலையில் எங்கள் மத்திய வங்கியின் கொள்கை வட்டிகள், வங்கிகள் அதனிடம் வைக்கும் பணத்துக்கு 4.5, எடுக்கும் பணத்துக்கு 5.5 சதவீதம். வரலாற்றில் குறைவுதான், ஆனால் தரை இன்னும் தூரத்தில். வாங்கியவை பெரும்பாலும் குறுகியகாலத் திறைசேரி உண்டியல்கள். வாங்கிய இடம் இன்னும் முக்கியம். ஏலத்தில் அந்த விலைக்கு மற்றவர்கள் எடுக்காமல் விட்டதை மத்திய வங்கி அரசிடமிருந்தே நேரடியாக எடுத்தது. அந்தப் பணம் ஒரு நிதியத்தின் கணக்கில் போய் நிற்கவில்லை. அரசின் செலவாக வெளியே வந்து, இறக்குமதிக்கான டொலர் தேவையாக மாறியது. ரூபாயை 203இல் பிடித்துவைத்திருந்த காலம் அது, ஆகவே கரைந்தது வெளிநாட்டு ஒதுக்கு. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். பழி முழுவதும் அச்சடிப்பில் இல்லை. 2021இன் இரசாயன உரத் தடை எங்கள் வயல்களின் விளைச்சலைக் குறைத்ததும், ரூபாய் சரிந்ததும் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. ஆனால் இதை அளவுசார் தளர்வு என்று அழைப்பது பிழை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நீண்டகால வட்டியின் மேலதிகக் கூலியைக் குறைக்கும் வேலை அங்கே நடக்கவில்லை. வரவுசெலவுத் துண்டுவிழுதல்தான் நிரப்பப்பட்டது.

2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் அரசிடமிருந்து அப்படி நேரடியாக வாங்குவதைத் தடைசெய்கிறது. ஏற்கெனவே மற்றவர்கள் கையில் இருக்கும் முறிகளைச் சந்தையில் வாங்க இன்னும் வழியுண்டு. 2025 மேயில் கொள்கை வட்டி 7.75 சதவீதமாக இருந்தது. அந்த உயரத்திலிருந்து இறக்க இடம் இருக்கும்வரை, இலண்டனின் அந்த மருந்து இங்கே தேவைப்படாது.