பெருக்கு நடை: ஆப்ஷன் விலையும் ஒரு கலைச்சொல்லும்

ஒரு பங்கைப் பின்னொரு நாளில், முன்பே குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம் ஆப்ஷன். அதற்கு விலை குறிக்கும் கணக்குகளில் ‘ஜியோமெட்ரிக் ராண்டம் வாக்’ என்ற தொடர் அடிக்கடி வரும். இதை ‘வடிவியல் சமவாய்ப்பு நடை’ என்று பெயர்ப்பவர்கள் உண்டு. சமவாய்ப்பு நடை சரிதான்; ‘வடிவியல்’ என்பதுதான் வழிதவற வைக்கிறது. கோணமோ வட்டமோ இந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

‘ஜியோமெட்ரி’ கிரேக்கத்தில் நில அளவையைக் குறித்த சொல். ஒரு செவ்வகத்தின் பரப்புக்குச் சமமான சதுரத்தின் பக்கம், அந்தச் செவ்வகத்தின் நீளத்துக்கும் அகலத்துக்கும் பெருக்கல் சராசரி ஆகும். இந்தப் படத்தின் வழியாகவே பெருக்கிப் பெருக்கி வளரும் எண்வரிசைக்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. பள்ளிக் கணிதத்தில் நாம் அதை வடிவியல் தொடர் என்று சொல்வதில்லை. பெருக்குத் தொடர் என்கிறோம். ஆகவே இங்கும் ‘பெருக்குச் சமவாய்ப்பு நடை’ என்பதே பொருந்தும். சுருக்கமாகப் பெருக்கு நடை.

‘ராண்டம் வாக்’ என்ற பெயரைப் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1905இல் ஒரு கேள்வியில் பயன்படுத்தினார்: திசையை வாய்ப்புக்கு விட்டு நடப்பவர் பல அடிகளுக்குப் பிறகு எங்கே இருப்பார்? அதற்கு முன்பே, 1900இல், கணிதவியலாளர் லூயி பாஷெலியே பாரிஸில் அளித்த ஆய்வேட்டில் பங்குச் சந்தை விலைகளுக்கு இத்தகைய நடையைப் பொருத்தியிருந்தார். ஆனால் அவருடையது கூட்டல் நடை. விலையோடு ஒரு தொகையைக் கூட்டியும் கழித்தும் போனால், அது ஒருநாள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடலாம். பங்கு விலை அப்படி இறங்காது. 1960களில் பொருளியலாளர் பால் சாமுவேல்சன் பெருக்கல் நடையை வலியுறுத்தினார்: ஒவ்வோர் அடியிலும் விலை ஒரு நேர்ம எண்ணால் பெருக்கப்படும், எவ்வளவு வீழ்ந்தாலும் பூஜ்யத்துக்கு மேலேயே நிற்கும்.

இந்த நடையைக் கணினியில் ஆயிரக்கணக்கான முறை நடத்திப் பார்ப்பதே ‘மான்ட்டி கார்லோ சிமுலேஷன்’. மொனாக்கோவின் சூதாட்ட நகர்ப் பெயரை இம்முறைக்குச் சூட்டியவர்கள் 1940களில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அறிவியலாளர்கள். ஆப்ஷன் விலைக்கு இதைக் கொண்டுவந்தவர் ஃபெலிம் பாய்ல், ஆண்டு 1977. சிமுலேஷனுக்குப் ‘போலச்செய்தல்’ என்ற சொல்லையே நான் விரும்புகிறேன். ‘உருவகம்’ அணியிலக்கணத்தை நினைவூட்டிவிடுகிறது.

இனி கணக்கு. இன்றைய விலை 100. ஓராண்டு கழித்து 100க்கு வாங்கும் உரிமை தரும் கால் ஆப்ஷன். தொடர்ச்சியாகக் கூட்டப்படும் வட்டி 5%, ஆண்டு ஏற்ற இறக்கம் 20%. பங்கு ஈவுத்தொகை தருவதில்லை.

```
S_T = S_0 * exp((r - σ²/2)*T + σ*√T*Z)
```

S_0 இன்றைய விலை, S_T இறுதி விலை, r வட்டி, σ ஏற்ற இறக்கம், T ஆண்டுக் கணக்கில் காலம். Z என்பது திட்ட இயல்நிலைப் பரவலிலிருந்து எடுக்கும் சமவாய்ப்பு எண். Z = 0.5 வந்தால் இறுதி விலை 113.88. உரிமையின் ஆதாயம் 13.88, வட்டி கழித்த இன்றைய மதிப்பு 13.21. Z = −1 வந்தால் விலை 84.37; உரிமையைப் பயன்படுத்த மாட்டோம், ஆதாயம் பூஜ்யம். இப்படிப் பல்லாயிரம் பாதைகளின் இன்றைய மதிப்புகளுக்குச் சராசரி எடுத்தால் அதுவே ஆப்ஷன் விலை. இந்த எளிய ஆப்ஷனுக்கு, போலச்செய்யாமல் நேரடியாக விலை தரும் பிளாக்–ஷோல்ஸ் வாய்பாடு 10.45 என்கிறது. 10,000 பாதைகளில் நமக்குக் கிடைக்கும் சராசரியின் திட்டப் பிழை ஏறத்தாழ 0.15. அதைப் பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு பாதைகள், அதாவது பத்து லட்சம் வேண்டும்.

வாய்பாட்டில் பலர் விட்டுவிடும் உறுப்பு `σ²/2`. அது ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கு விடை பெருக்கு என்ற சொல்லிலேயே இருக்கிறது. 100 முதலில் 20% ஏறி, பிறகு 20% இறங்கினால் 96 ஆகிறது. கூட்டலில் ஒன்றையொன்று ஈடுகட்டும் ஏற்றமும் இறக்கமும் பெருக்கலில் ஈடுகட்டுவதில்லை. இரண்டு அடிகளில் 4% போய்விட்டது, அடிக்கு 2%. அந்த 2%தான் இங்கே `σ²/2`. அதைக் கழிக்காமல் நிரல் எழுதினால் ஆப்ஷன் விலை 11.8 அளவுக்கு ஏறிவிடும். இதைக் கண்டுபிடிக்க வாய்பாட்டு விடைகூடத் தேவையில்லை. எல்லாப் பாதைகளின் இறுதி விலைக்கும் சராசரி எடுத்து வட்டியைக் கழித்துப் பாருங்கள். அது 100க்கு அருகில் நிற்க வேண்டும். விடுபட்டிருந்தால் 102ஐச் சுற்றி நிற்கும்.

இந்த ஆப்ஷனுக்குக் கடைசி விலை மட்டும் போதும் என்பதால் ஒரே தாவலில் முடித்தோம். ஓராண்டின் சராசரி விலையைப் பொறுத்து ஆதாயம் தரும் ஆசிய வகை ஆப்ஷனில் அது இயலாது. அங்கே ஆண்டை நாள்களாகவோ வாரங்களாகவோ பகுத்து, ஒவ்வோர் அடியிலும் புதிய Z எடுத்துப் பாதை முழுவதையும் நடந்தாக வேண்டும். சாதாரணச் சராசரி என்றால் கைகொடுக்கும் எளிய வாய்பாடும் கிடையாது. போலச்செய்தலுக்கு உண்மையான வேலை அங்கேதான். ஆனால் எத்தனை பாதைகள் நடத்தினாலும் ஏற்ற இறக்கம் மாறாது, விலை திடீரெனக் குதிக்காது என்ற எடுகோள்களின் பிழை குறையாது. திட்டப் பிழை அளப்பது வாய்ப்பால் வரும் தடுமாற்றத்தை மட்டுமே.