சுண்டுவிரல் மட்டும் ஏன் தப்பித்தது?

அம்மா குடியாத்தத்தில் 30 வருஷமாகப் பீடி சுற்றுகிறவர். போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, இரண்டரை மணி இருக்கும், பாயில் எழுந்து உட்கார்ந்து வலது கையை ஈரம் போக உதறுகிற மாதிரி உதறிக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டேன். "கை மரத்துப் போவுதுடா, எறும்பு ஊர்ற மாதிரி. உதறினா சரியாப் பூடும், நீ படு."

தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வாயு என்றார் ஒருவர், சர்க்கரை என்றார் இன்னொருவர், கைமேல் படுத்து ரத்த ஓட்டம் நின்றிருக்கும் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. யாரும் கேட்காத கேள்வி, எந்த விரல் என்பது. கையே போனாற்போல் இருக்கிறது என்றுதான் அம்மாவும் சொல்லிக்கொண்டிருந்தார், விரல் விரலாகத் தொட்டுக் கேட்டபோதுதான் சுண்டுவிரலுக்கு ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. அப்புறம் பீடி கட்டுகிற நூலின் நுனியால் மோதிரவிரலைத் தடவிப் பார்த்தேன். நடுவிரலை ஒட்டிய பக்கம் மந்தமாக இருந்தது, சுண்டுவிரலை ஒட்டிய பக்கம் நன்றாகவே உணர்ந்தார். ஒரே விரலில் பாதி! ரத்த ஓட்டம் நின்றால் விரலின் பாதி மட்டும் மரக்காது. நரம்புதான் இப்படி எல்லை பிரித்து வைத்திருக்கும்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரலின் அந்தப் பாதி, இவ்வளவுக்கும் உள்ளங்கைப் பக்கத்து உணர்ச்சியைக் கொண்டுபோவது மீடியன் நரம்பு. சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு, அது வேறு வழியில் வருகிறது. மீடியன் நரம்பு மணிக்கட்டில் ஒரு குறுகலான சந்துக்குள் நுழைந்துதான் விரல்களுக்குப் போயாக வேண்டும். சந்தின் அடியிலும் பக்கத்திலும் சின்னச் சின்ன எலும்புகள், மேலே கெட்டியான, இழுத்தாலும் நீளாத ஒரு நார்ப்பட்டை. உள்ளே விரல்களை மடக்குகிற 9 தசைநாண்கள், அவற்றோடு நெருக்கியடித்துக்கொண்டு இந்த ஒரு நரம்பு. இந்தச் சந்துக்கு கார்ப்பல் டனல் என்று பெயர்.

முறத்தை மடியில் வைத்து, மணிக்கட்டை மடக்கி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அழுத்தி இலையை உருட்டி, நுனியை மடித்து, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் அதே வேலையைச் செய்தால் தசைநாண்களைச் சுற்றிய உறை தடித்துப்போகும். ஆம்பூரில் ஷூ தைக்கிற கைகளுக்கும் இதே கதைதான். கூரை நீளாது, எலும்பு நகராது, ஆகவே நசுங்குவது நரம்பு.

சரி, வேலை பகலில், மரப்பது ஏன் ராத்திரியில்? தூக்கத்தில் நாம் அறியாமலே மணிக்கட்டை மடக்கிவிடுகிறோம், கன்னத்துக்கடியில் வைத்தோ நெஞ்சோடு சேர்த்தோ. நேராக இருக்கும்போது ஆரோக்கியமான சந்துக்குள் அழுத்தம் 10 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள்தான் இருக்கும் (பிபி அளக்கிற அதே அளவு). இந்தக் கோளாறு வந்தவர்களுக்கு நேராக வைத்தாலே 30 வாக்கில் இருக்கிறது, மடக்கினால் 90-ஐயும் தாண்டும். 20, 30-லேயே நரம்புக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் சுணங்கத் தொடங்கிவிடும். போதாக்குறைக்குப் படுத்தவுடன், பகலெல்லாம் காலில் தேங்கிய நீர் உடம்பெங்கும் பரவும். கையும் அசைவதில்லை. ஆக, பக்கத்து வீட்டு அக்கா சொன்னது பாதி சரி: தடைப்படுவது ரத்தம்தான், ஆனால் கைக்குப் போகிற ரத்தம் அல்ல, அந்த ஒரு நரம்புக்குப் போகிற ரத்தம். பட்டினி கிடக்கிற நரம்பு யாரும் தொடாமலேயே தானாகச் சமிக்ஞை அனுப்பும், அதைத்தான் எறும்பு ஊர்வதாக உணர்கிறோம். உதறினால் மணிக்கட்டு நிமிர்கிறது, ரத்தம் திரும்புகிறது.

டாக்டர் அம்மாவின் இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழே பார்க்க ஒரு நிமிஷம் வைக்கச் சொன்னார். 40 நொடியிலேயே அதே எறும்பு வந்துவிட்டது. எல்லோருக்கும் இவ்வளவு கறாராக வராது, ஆகவே சந்தேகம் இருந்தால் நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளந்து பார்ப்பார்கள். சர்க்கரையால் வருகிற மரப்பு வேறு, அது பெரும்பாலும் இரண்டு கால்களின் விரல்களிலும்தான் முதலில் தொடங்கும். ஆனால் சர்க்கரையும் தைராய்டு குறைவும் மணிக்கட்டு நெருக்கத்துக்கும் காரணமாகலாம் என்பதால் ரத்தப் பரிசோதனையும் எழுதிக்கொடுத்தார். கர்ப்பிணிகளுக்கும் இது வருவதுண்டு, பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் சரியாகிவிடும்.

அம்மாவுக்குக் கிடைத்த வைத்தியம், உள்ளே தகடு வைத்த மணிக்கட்டுப் பட்டை. தூங்கும்போது கை மடங்காமல் நேராகப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். நாலு வாரத்தில் ராத்திரி எழுவது நின்றது. பகலிலும் மரப்பு போகாமல், கட்டைவிரலின் அடிமேடு வற்றி, டம்ளர் நழுவத் தொடங்கியிருந்தால் பட்டை போதாது. அந்த நார்க்கூரையை அறுத்துவிடுகிற சின்ன ஆபரேஷன் தேவைப்பட்டிருக்கும், அதையும் தள்ளிப்போட்டால் வற்றிய தசை முழுசாகத் திரும்பாமலே போகலாம்.

முறம் இப்போதும் மடியில்தான். ஆனால் நூறு பீடிக்கு ஒரு தரம் கையை நீட்டி வைக்கிறார், அதுவும் நான் பார்த்தால்.