மூன்று வரிக்காக ஒரு பக்கம்

நண்பரின் மகள் பி.காம் முடித்துவிட்டு, தன் ரெஸ்யூமேயைப் பார்த்துச் சொல்லும்படி அனுப்பியிருந்தாள். இரண்டு பக்கம். இரண்டாம் பக்கத்தில் மூன்றே வரிகள்: ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு மாதம் பயிற்சி பெற்றதும், அங்கே டாலியில் செய்த வேலையும். முதல் பக்கத்தின் மேல்பாதியைப் புகைப்படமும், நான்கு வரி "குறிக்கோளும்", அப்பா பெயர், மதம், திருமண நிலை எல்லாமும் பிடித்துக்கொண்டிருந்தன. ஆளெடுக்கும் வேலையில் இருக்கும் எனக்கு இது பழகிய காட்சி. கட்டுக்கட்டாக வரும் தாள்களை முதல் சுற்றில் புரட்டும்போது, இரண்டாம் பக்கம் பெரும்பாலும் திருப்பப்படுவதே இல்லை. அவளிடம் இருந்த ஒரே வேலை அனுபவம் அங்கேதான் கிடந்தது.

ஒரே பக்கத்தில் அடக்கச் சொன்னதும், எல்லாரும் செய்வதையே அவளும் செய்தாள். எழுத்தை 8 பாயின்டுக்குக் குறைத்தாள், ஓர இடைவெளியை அரை சென்டிமீட்டர் ஆக்கினாள். பக்கம் ஒன்றாகிவிட்டது, ஆனால் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளைப் போலிருந்தது. பல பிரிண்டர்களால் தாளின் விளிம்புவரை அச்சிட முடியாது என்பதால், அரை சென்டிமீட்டர் ஓரத்தில் கடைசி எழுத்துகள் வெட்டுப்படும் அபாயமும் உண்டு.

உண்மையில் இடத்தைத் தின்றது எழுத்தின் அளவு அல்ல. வேர்டில் புதிய கோப்பைத் திறந்தால், ஒவ்வொரு முறை என்டர் தட்டும்போதும் பத்திக்குக் கீழே 8 பாயின்ட் இடைவெளி தானாகச் சேர்ந்துவிடும். இவள் ஒவ்வொரு வரியையும் ஒரு சிறு கோடு போட்டுத் தொடங்கி, என்டர் தட்டித் தட்டி எழுதியிருந்தாள். அப்படி முப்பது வரிகள். எழுத்தையும் ஓரத்தையும் பழைய அளவுக்கே கொண்டுவந்துவிட்டு, `Paragraph` பெட்டியில் `After` என்ற இடத்தில் 8-ஐ 2 ஆக்கினோம். முப்பது வரிக்கு 180 பாயின்ட் மிச்சம், அதாவது பன்னிரண்டு வரிக்கான இடம். ஓர் எழுத்தைக்கூடச் சிறிதாக்கவில்லை.

அடுத்து தாளின் அளவு. ஏதோ அமெரிக்கத் தளத்திலிருந்து இறக்கிய மாதிரி என்பதால் அது `Letter` அளவில் இருந்தது. நம் ஊரில் புழங்குவது `A4`. அது ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் அகலம் குறைவு, ஆனால் 1.76 சென்டிமீட்டர் உயரம் கூடுதல். மாற்றியதும் இன்னும் மூன்று வரிக்கு இடம் கிடைத்தது.

இப்போது கணக்கு எளிது. நான்கு புறமும் 2 சென்டிமீட்டர் ஓரம், Calibri எழுத்துருவில் 11 பாயின்ட், சற்றே தளர்ந்த வரி இடைவெளி என்று வைத்தால், ஒரு பக்கத்தில் ஏறக்குறைய ஐம்பது வரி பிடிக்கும். தலைப்புகளுக்கும் அவற்றின் மேலுள்ள வெற்றிடத்துக்கும் பத்து வரி ஒதுக்கினால், கையில் இருப்பது நாற்பது. குறிக்கோளையும் சொந்த விவரங்களையும் எடுத்துவிட்டோம். நிறுவனம் கேட்காதவரை புகைப்படமும் வேண்டாம். பெயர் 18 பாயின்ட், அதன் கீழே கைபேசி எண், மின்னஞ்சல், ஊர் மூன்றும் ஒரே வரியில். பிறகு கல்வி, பயிற்சி, கல்லூரி ப்ராஜெக்ட், திறன்கள் என நான்கு தலைப்புகள், 13 பாயின்ட் தடித்த எழுத்தில். தலைப்புக்கு மேலே 10 பாயின்ட் இடைவெளி, கீழே 3 மட்டுமே. மேலும் கீழும் ஒரே அளவு விட்டால், அந்தத் தலைப்பு எந்தப் பகுதிக்கு உரியது என்று கண் தடுமாறும்.

பயிற்சிக்கு இப்போது ஆறு வரி. "டாலி தெரியும்" என்று இருந்ததை, "சிறு வணிகர்களின் கொள்முதல் பில்களை டாலியில் பதிந்து, மாத ஜிஎஸ்டி விவரத்தோடு ஒப்பிட்டேன்" என்று மாற்றினாள். வேலை செய்தவள் எழுதிய வரி அது.

ஆண்டுகளை வலது ஓரத்தில் நிறுத்த அவள் ஸ்பேஸ் பொத்தானை அழுத்திக்கொண்டே போயிருந்தாள். அதனால் 2022-ம் 2025-ம் ஒன்றுக்கொன்று விலகி நின்றன. ரூலரில் வலப்புற டேப் ஒன்றை வைத்து, ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒருமுறை டேப் தட்டினால் போதும், எல்லா ஆண்டுகளும் ஒரே நேர்க்கோட்டில் வந்து நிற்கும்.

கடைசியாக இரண்டு சோதனைகள். பிடிஎஃப் ஆக்கி, அதிலுள்ள எல்லாவற்றையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்க்கச் சொன்னேன். பக்கத்தை இடம், வலம் என இரண்டு நெடுவரிசையாகப் பிரித்த வடிவங்களில் கல்வியும் திறன்களும் கலந்து குழம்பி விழுவதுண்டு. விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருள்கள் சிலவும் அப்படித்தான் படிக்கின்றன. இவளுடையது வரிசையாகவே வந்தது. பிறகு கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தோம். நான்கு தலைப்புகளும் தனித்தனியாகத் தெரிந்தன, அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடமும் இருந்தது.

அந்த வெற்றிடத்தைப் பார்த்த நண்பர், "மேற்கண்டவை அனைத்தும் உண்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டாமா?" என்று கேட்டார். படிவத்தில் கேட்டால் போடலாம் என்றேன். அவருக்கு இன்னும் திருப்தியில்லை.