செம்மண் கறை பிளீச்சுக்கு அசையாதது ஏன்?

பள்ளிக்கூடத்து வெள்ளை சாக்ஸில் செம்மண் ஏறிவிட்டால் முதலில் பிளீச் பாட்டிலைத்தான் தேடுகிறோம். அது இங்கே வேலைக்கு ஆகாது. காரணம் மண்ணின் நிறத்திலேயே இருக்கிறது.

செம்மண்ணுக்குச் சிவப்பைத் தருவது இரும்பு ஆக்சைடு, அதாவது துருவின் நெருங்கிய உறவுக்காரன். 2 மைக்ரோமீட்டருக்கும் சிறிய களிமண் துகள்களின் மேல் அது மெல்லிய பூச்சாக ஒட்டியிருக்கும். பிளீச் ஆக்சிஜனேற்றம் செய்துதான் நிறத்தைப் போக்குகிறது. டீ, பழச்சாறு போன்ற தாவரச் சாயங்களை அப்படி உடைத்துவிடலாம். ஆனால் இந்த இரும்பு ஏற்கெனவே முழுதாக ஆக்சிஜனேற்றம் அடைந்தது. பிளீச் அதில் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. போதாக்குறைக்கு, சாக்ஸில் கலந்திருக்கும் நைலானையும் ஸ்பான்டெக்ஸையும் குளோரின் மஞ்சளாக்கிவிடும்.

சரி, என்ன செய்யலாம்? ஈரமாக இருக்கும்போது தேய்க்காதீர்கள். தேய்த்தால் துகள்கள் நூலிழைகளுக்கு இடையே இன்னும் உள்ளே போகும். முழுக்கக் காயவிட்டு, சாக்ஸை உள்புறம் வெளியே திருப்பி நன்றாக உதறுங்கள். குதிகால் பக்கம் உள்ளே துவாலை மாதிரி சின்னச் சின்ன நூல் வளையங்கள் இருக்கும். மண் பெரும்பாலும் அங்கேதான் பதுங்குகிறது, மேலே தேய்த்தால் அது வெளியே வராது.

அப்புறம் சோப்புத்தூள் கரைத்த வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, உள்புறத்தை பிரஷ்ஷால் தேய்த்து, நீர் தெளியும்வரை அலசுங்கள். சோப்புத்தூள் துகளுக்கும் பருத்திக்கும் எதிர்மின்சுமையைக் கூட்டுவதால் இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். உப்புத் தண்ணீரில் கால்சியம் நடுவே புகுந்து இரண்டையும் பிணைத்துவிடும். அதனால் அங்கே சோப்புத்தூள் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

இதற்குப் பிறகும் ஆரஞ்சுச் சாயல் தங்கினால், அது இழைக்குள் சிக்கிய ஆக்சைடு. அமிலம் தேவைப்படுவது இப்போதுதான். 1 லிட்டர் வெந்நீரில் 2 மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். சிட்ரேட் இரும்பைக் கவ்விப் பிடித்து நீரில் கரையச் செய்யும். மெதுவாகத்தான் நடக்கும், ஒரே தடவையில் முழுதாகப் போகாமல் இருக்கலாம். ஆக்ஸாலிக் அமிலம் இன்னும் வேகமாகக் கரைக்கும், ஆனால் அது விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: அமிலம் பட்ட துணியில் பிளீச் ஊற்றினால் நச்சு வாயுவான குளோரின் கிளம்பும்.

ஜீன்ஸ் கதை வேறு. அதன் நீலம் இண்டிகோ சாயம். பிளீச் பட்டால் கறை இருக்கும், நீலம்தான் போகும். மண் காய்ந்ததும் துணியின் சாய்வு வரிகளை ஒட்டியே பிரஷ் செய்யுங்கள். கால் மடிப்பை விரித்துவிட்டுத் தட்டுங்கள், அங்கே கட்டியாகவே மண் நிற்கும். மிச்சத்தைச் சாதாரணத் துவைப்பு பார்த்துக்கொள்ளும். அடர்நீலத்தில் லேசான சாயல் கண்ணுக்குத் தெரியாது என்பதால் பெரும்பாலும் அமிலம்வரை போக வேண்டியதே இல்லை. வெளிர்நீல ஜீன்ஸில் தேவைப்பட்டால், முதலில் உள்தையல் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.