வருமானம் உயர்ந்தால் வட்டி ஏன் உயர்கிறது? விடைத்தாளில் விடுபடும் இடைப்படி

கல்லூரிப் பொருளியல் தேர்வுகளில் அடிக்கடி வரும் சிறுவினா இது: "பண அளிப்பு மாறாத நிலையில் வருமானம் உயர்ந்தால் நீர்மை விருப்பக் கோட்டுக்கும் வட்டி வீதத்துக்கும் என்ன நேரும்?" விடைத்தாள் திருத்தும்போது நான் அதிகம் பார்ப்பது ஒரே வரிதான். "வருமானம் உயர்ந்தால் பணத்தேவை உயரும், ஆகவே வட்டி உயரும்." முடிவு சரி. ஆனால் முழு மதிப்பெண் போட முடிவதில்லை, ஏனென்றால் கேள்வி சோதிப்பதே அந்த 'ஆகவே'க்குள் இருப்பதைத்தான். வேறு சிலர் கோட்டை நகர்த்தாமல், பழைய கோட்டின் மீதே புள்ளியை மேலும் கீழும் நகர்த்திவிடுகிறார்கள். இரண்டு பிழைக்கும் வேர் ஒன்றுதான். பணத்தேவை என்றால் எதன் தேவை என்பது மனத்தில் பதியவில்லை.

பணத்தேவை என்பது பணக்காரராகும் ஆசையன்று. கையில் உள்ள சொத்தில் எவ்வளவைச் செலவுக்குத் தயாரான பணமாக வைத்துக்கொள்வது, எவ்வளவை வட்டி தரும் கடன் பத்திரத்தில் போடுவது என்ற முடிவுதான் அது. ஒவ்வொரு வட்டி வீதத்திலும் மக்கள் எவ்வளவு பணத்தை வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள் என்பதைக் காட்டுவதே நீர்மை விருப்பக் கோடு. பணமாக வைத்தால் வட்டி போகும். கடன் பத்திரத்தில் போட்டால் நினைத்த நேரத்தில் செலவழிக்க முடியாது. கீன்ஸ் 1936இல் இந்த முடிவுக்குப் பின்னால் மூன்று நோக்கங்களைக் காட்டினார்: அன்றாடச் செலவுக்கான நடவடிக்கை நோக்கம், எதிர்பாராத செலவுக்கான முன்னெச்சரிக்கை நோக்கம், பத்திர விலையின் ஏற்ற இறக்கத்தைக் கணித்துக் காத்திருக்கும் ஊக நோக்கம். முதல் இரண்டும் வருமானத்தைச் சார்ந்தவை, மூன்றாவது வட்டியைச் சார்ந்தது.

வருமானம் முதலிரண்டையும் எப்படித் தொடுகிறது? மாதம் 30,000 ரூபாய் சம்பளம் வாங்கி, அதை மாதம் முழுவதும் சீராகச் செலவழித்துத் தீர்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் அவரிடம் 30,000 இருக்கும், கடைசி நாள் ஒன்றும் இருக்காது. சராசரி இருப்பு 15,000. சம்பளம் 40,000 ஆகி, செலவும் அதே அளவுக்குக் கூடினால் சராசரி இருப்பு 20,000 ஆகும். இதற்கிடையில் வட்டி வீதம் இம்மியும் மாறவில்லை. கோடு நகர்வதற்கான காரணம் இதுதான்: அதே வட்டியில் மக்கள் முன்பைவிட அதிகப் பணத்தை வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். செங்குத்து அச்சில் இருக்கும் வட்டி மாறினால் கோட்டின் மீது நகர்வோம். அச்சில் இல்லாத வருமானம் மாறினால் கோடே வலப்பக்கம் போகும்.

எண்களோடு பார்த்தால் இடைப்படி தெளிவாகும். ஒரு பொருளாதாரத்தின் பணத்தேவை இப்படி இருக்கட்டும். L என்பது பணத்தேவை, Y வருமானம், M பண அளிப்பு, r வட்டி வீதம். வட்டி வீதம் சதவீதத்தில், மற்றவை கோடி ரூபாயில்.

```
L = 0.25Y + (400 − 40r)
M = 700
```

வருமானம் 2,000 என்றால் நடவடிக்கை, முன்னெச்சரிக்கை இரண்டுக்கும் சேர்த்து 500 வேண்டும். மீதி 200தான் ஊக நோக்கத்துக்குக் கிடைக்கும். 400 − 40r = 200 என்பதால் வட்டி 5 சதவீதம்.

இப்போது வருமானம் 2,200 ஆகிறது. முதல் பகுதி 550 ஆகும். பழைய 5 சதவீத வட்டியிலேயே நின்றால் மொத்தத் தேவை 750. இருக்கும் பணமோ 700. 50 கோடி மிகைத் தேவை. கோடு கிடையாக நகரும் தூரமும் இந்த 50தான்.

விடைத்தாள்களில் விடுபடும் வரி இனிதான் வருகிறது. பணம் போதாதவர்கள் கையில் உள்ள பத்திரங்களை விற்கப் பார்ப்பார்கள். எல்லோரும் விற்க வருவதால் பத்திர விலை இறங்கும். ஆண்டுக்கு 50 ரூபாய் வட்டி தரும், முதிர்வுக் காலமே இல்லாத பத்திரம் ஒன்று 5 சதவீத வட்டியில் 1,000 ரூபாய்க்கு விற்கும். அதன் விலை 800 ரூபாய்க்கு இறங்கினால், வாங்குபவருக்கு அதே 50 ரூபாய் 6.25 சதவீத வருவாயாகிறது. அந்த உயர்ந்த வட்டியைப் பார்த்துச் சிலர் ஊக நோக்கத்துக்காக வைத்திருந்த பணத்தைப் பத்திரத்துக்கு மாற்றுவார்கள். 400 − 40 × 6.25 = 150. அதோடு 550 சேர்ந்தால் 700. சமநிலை திரும்பிவிட்டது. மொத்தப் பணம் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. ஊக இருப்பிலிருந்து 50 கோடி செலவுக்கான இருப்புக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. இரண்டு மதிப்பெண் விடையானாலும் "மிகைத் தேவை, பத்திர விற்பனை, பத்திர விலை வீழ்ச்சி, வட்டி உயர்வு" என்ற வரிசை அதில் இருக்க வேண்டும்.

நல்ல மாணவர்களையும் தடுமாற வைக்கும் இடம் ஒன்று உண்டு. சில பாடநூல்கள் 'நீர்மை விருப்பக் கோடு' என்று ஊக நோக்கத்துக்கான தேவையை மட்டும் வரைகின்றன. அந்தக் கோட்டில் வருமானம் இல்லவே இல்லை. ஆகவே வருமானம் உயர்ந்தாலும் அது நகராது. மாறாக, ஊக நோக்கத்துக்கு மிஞ்சும் பணத்தைக் காட்டும் செங்குத்துக் கோடு 200இலிருந்து 150க்கு இடப்பக்கம் வரும். வட்டி அதே 6.25தான். இரண்டு படமும் சரி, இரண்டையும் கலப்பதுதான் தவறு. ஆகவே கிடை அச்சில் 'மொத்தப் பணத்தேவை' என்றோ 'ஊகத் தேவை' என்றோ எழுதிவிட்டுக் கோட்டை வரையுங்கள். அச்சுக்குப் பெயரிடாத படத்தில், கோடு நகர்ந்தது சரியா தவறா என்று திருத்துபவரால் முடிவு செய்ய இயலாது.

நீர்மைப் பொறியைச் சேர்த்தும் கேட்பார்கள். வட்டி மிகத் தாழ்ந்து, கோடு கிடையாகப் படுத்திருக்கும் பகுதியில் பொருளாதாரம் இருந்தால், வருமானம் சற்று உயரும்போது மொத்தத் தேவைக் கோடு வலப்பக்கம் நகரத்தான் செய்யும். ஆனால் படுத்திருக்கும் பகுதியின் உயரம் மாறாததால் வட்டி உயராது. செலவுக்குக் கூடுதலாக வேண்டிய பணம், அங்கே குவிந்து கிடக்கும் ஊக இருப்பிலிருந்தே வந்துவிடும்.

மேலே செய்த கணக்கு முழுவதும் "பண அளிப்பு மாறாத நிலையில்" என்ற சொற்களின் மீது நிற்கிறது. நடைமுறையில் இந்திய ரிசர்வ் வங்கி ஒரே இரவுக்கான வட்டியை ரெப்போ வீதத்தை ஒட்டி வைத்திருக்க முயல்கிறது. தீபாவளிக்கு முன் மக்கள் ரொக்கம் எடுப்பதால் வங்கிகளிடம் பணம் குறையும்போது, ரெப்போ ஏலங்கள் வழியாக அந்தப் பற்றாக்குறையை அதனால் ஈடுகட்ட முடியும். அப்போது தேவைக் கோட்டோடு அளிப்புக் கோடும் வலப்பக்கம் நகர்வதால் வட்டி உயர வேண்டியதில்லை. நம் எடுத்துக்காட்டில் மைய வங்கி அளிப்பை 750 ஆக்கியிருந்தால் வட்டி 5 சதவீதத்திலேயே நின்றிருக்கும். கேள்வியில் பண அளிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாவிட்டால், "பண அளிப்பு மாறவில்லை எனக் கொண்டால்" என்று விடையின் முதல் வரியில் நீங்களே எழுதிவிடுங்கள்.