தீபாவளிப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

புரட்டாசி பாதி கழிந்ததும் கும்பகோணம், தஞ்சாவூர், மாயவரம் பக்கத்துப் பலகாரக் கடைகளிலிருந்து தீபாவளிப் பரிசுப் பெட்டிகளுக்கான விளம்பர வாசகங்கள் திருத்தத்துக்காக என்னிடம் வரத் தொடங்கிவிடும். இந்த ஆண்டு வந்தவற்றில் கடைப் பெயரை மறைத்துவிட்டுப் படித்தால், எது யாருடையது என்று எழுதியவருக்கே தெரியாது. எல்லாம் ‘பிரீமியம்’, எல்லாம் ‘எக்ஸ்க்ளூசிவ்’, எல்லாம் ‘லிமிடெட் எடிஷன்’.

கும்பகோணத்துக் கடை ஒன்றின் வாசகத்தையே எடுத்துக்கொள்கிறேன்: ‘உங்கள் அன்புக்குரியவர்களுக்கு எங்களின் பிரீமியம் எக்ஸ்க்ளூசிவ் ஹாம்பர்.’ பெட்டிக்குள் இருந்தவையோ திருவையாற்றுப் பக்குவத்தில் கிளறிய அசோகா, அதிரசம், தேன்குழல், தீபாவளி லேகியம். அவற்றை வைத்திருந்தது கையால் முடைந்த பனையோலைப் பெட்டி. இவ்வளவையும் வைத்துக்கொண்டு அதில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் விடுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

‘அதையெல்லாம் எழுதினால் நாட்டுப்புறமாகத் தெரியும், விலை கொடுப்பவர்கள் மதிக்கமாட்டார்கள்’ என்பது கடைக்காரர்கள் தவறாமல் சொல்லும் பதில். எனக்கு மிகுந்த எரிச்சலூட்டும் எண்ணமும் இதுதான். பரிசுப் பெட்டியை வாங்குபவர் பெரும்பாலும் அதைச் சாப்பிடப்போகிறவர் அல்லர். சென்னையிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு, தாம் தொட்டுப் பார்க்காத ஒன்றை, தம் மதிப்புக்குரிய ஒருவர் வீட்டுக்கு அனுப்புகிறார். பெறுபவர் திறக்கும்போது என்ன நடக்கும் என்பதே அவருடைய கவலை. ‘பிரீமியம்’ என்ற சொல் அந்தக் கவலையைத் தீர்ப்பதில்லை, ஏனென்றால் இருநூறு ரூபாய்ப் பெட்டியின் மீதும் அதே சொல்தான் இருக்கிறது. ஓரம் முறுகிய அதிரசம் என்று எழுதினால் அவர் அதை மனத்தில் கடித்துப் பார்க்க முடியும். விலை நியாயமா என்று முடிவு செய்யவும் முடியும்.

அந்த வாசகத்தை இப்படி மாற்றினேன்:

‘மூடியைத் திறந்ததும் காய்ந்த பனையோலையின் வாசனை, அதை அடுத்து நெய்யும் ஏலக்காயும். பாசிப்பருப்பில் கிளறிய அசோகா கால் கிலோ. மெல்ல வேண்டியதில்லை, நாக்கில் வைத்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும். மழைக்குளிரில் நெய் உறைந்திருந்தால் இளஞ்சூட்டில் ஒரு நிமிடம் வையுங்கள், மினுமினுப்பு திரும்பிவிடும். வெல்லப்பாகில் செய்த அதிரசம் 10. ஓரம் சற்றே முறுகியும் நடுப்பகுதி மெத்தென்றும் இருக்கும். தேன்குழலில் சீரகம் பல்லில் தட்டுப்படும். லேகியம் 50 கிராம். முதலில் வெல்லத்தின் இனிப்பு, பின்னர் தொண்டையில் மெல்ல ஏறும் சுக்கு, மிளகு, திப்பிலியின் காரம்.’

இதில் பாகின் பதத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். பாகைத் தண்ணீரில் விட்டால் உருட்ட வரவேண்டும் என்பது மாஸ்டருக்குத் தேவையான செய்தி. உண்பவருக்கு எட்டுவது அதன் விளைவான மென்மைதான். செய்முறையை அடுக்கிவிட்டுச் சுவையை எழுதிவிட்டதாக நினைத்துக்கொள்பவர்கள் ஏராளம்.

‘லிமிடெட்’ என்பதற்கும் காரணம் சொல்லியாக வேண்டும். இந்தக் கடைக்கு ஓலைப் பெட்டிகள் 300 மட்டுமே முடைந்து கிடைத்தன. அதிரச மாவும் பாகில் கலந்து ஒரு நாளாவது ஊறினால்தான் பக்குவப்படும், கடைசி நேரத்தில் கூட்டிச் செய்ய வழியில்லை. ஆகவே ‘ஓலைப் பெட்டி 300 மட்டும்’ என்று எழுதி, ஆர்டர் முடியும் தேதியையும் சேர்த்தோம். கையிருப்புக்கு எல்லையே இல்லாதபோது ‘லிமிடெட்’ என்று போடுவது பொய், வேறொன்றுமில்லை.

எழுதுவதற்கு முன் பலகாரத்தை அடுப்படியில் சுடச்சுட ருசி பார்க்காதீர்கள். பெட்டியில் அடைத்து, கூரியர் போய்ச் சேர எத்தனை நாளாகுமோ அத்தனை நாள் வைத்திருந்து, அதன் பிறகு திறந்து பாருங்கள். ஐப்பசி அடைமழையில் காற்றுப் புகுந்தால் தேன்குழல் நமுத்துவிடும். அதைக் காற்றுப் புகாத உறையில் தனியாக அடைக்காமல் ‘மொறுமொறுப்பு’ என்று எழுதினால், பெறுபவர் முதல் கடியிலேயே உங்களைக் கண்டுபிடித்துவிடுவார். அசோகாவின் நெய் கசிந்து ஓலையில் கறை படிந்தால் வாசனை வருணனையும் வீண். அடியில் வாழைச்சருகோ வெண்ணெய்த் தாளோ விரியுங்கள்.

வனஸ்பதி கலந்துவிட்டு ‘நெய் மணக்க’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். வாடிக்கையாளரை இழப்பது ஒரு பக்கம் இருக்க, தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 அபராதம் வைத்திருக்கிறது. ‘பாட்டியின் கைமணம்’ என்பதையும் விட்டுவிடுங்கள். அந்தப் பாட்டி எல்லாக் கடையிலும் வேலை செய்கிறார். எழுதத் தெரியவில்லை என்றால் பெட்டி கட்டும் பெண்களிடம் கேளுங்கள். எது முதலில் உடைகிறது, எது கையில் ஒட்டுகிறது, எந்த மணம் மூடிய பிறகும் வெளியே வருகிறது என்பதை அவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். அதை அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்கள், இலக்கணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.